மாமரத்துத் தேமலும் ஒரு காதுகுத்து போட்டோவும்

போன வருஷம் ஐப்பசி கடைசி. நாலு நாள் விடாத மழை.

அஞ்சாவது நாள் காலைல கொஞ்சம் வெயில் வந்துச்சு. காபி டம்ளரோட கொல்லைக்குப் போனேன். எங்க வீட்டு இமாம்பசந்த் மரம், அடிலேர்ந்து கிளை வரைக்கும் வெளிர்ப்பச்சையும் சாம்பலுமா பொட்டுப் பொட்டா நிக்குது. ஒரு பக்கம் பச்சை வெல்வெட் ஒட்டின மாதிரி பாசி வேற.

(ஸ்ரீரங்கத்துல கொல்லை வச்ச பழைய வீடு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். மழைக்காலத்துல துவைச்ச துணியே ரெண்டு நாள் காயாது.)

அன்னிக்குன்னு பாத்து தேங்காய் பறிக்க மரம் ஏர்ற அண்ணன் வந்தாரு. மாமரத்தப் பாத்தாரு. "அக்கா, மரத்துக்குத் தேமல் பிடிச்சிருச்சு. மேல பாருங்க, இலையும் கொறஞ்சுபோச்சு. இனிமே தேறாது. வெட்டிருங்க"ன்னாரு.

அத்தை உள்ளேருந்து, "வெட்டறதாவது! சொரண்டிட்டு சுண்ணாம்பு அடிம்மா"ன்னாங்க.

எதிர் வீட்டு மாமா, "மயில்துத்தம் கரைச்சு அடிச்சுவிடு, எல்லாம் உதிந்துடும்"னாரு.

மூணு பேரும் மரத்து மேல அக்கறையாத்தான் சொன்னாங்க. அந்த வெள்ளைத் திட்டுதான் நோய்ங்கறதுல மட்டும் மூணு பேருக்கும் சந்தேகமே இல்ல. எனக்கும் அப்போ இல்ல.

அதான் அத்தை சொன்னபடி சொரண்ட ஆரம்பிச்சேன். இரும்பு பிரஷ் எடுத்து, கைக்கு எட்டின ரெண்டு கிளைல அழுத்தித் தேச்சேன். திட்டு போச்சு. கூடவே பட்டையும் அங்கங்க பேந்து, உள்ள இருக்கற பச்சைத் தோல் தெரிஞ்சுது. பத்து நாள் கழிச்சுப் பாத்தா அந்த எடத்துலயெல்லாம் பிசின் முத்து முத்தா வடிஞ்சு நிக்குது. அதுவரைக்கும் அந்தக் கிளைல ஒரு காயம் கிடையாது. காயம் நான் பண்ணினது.

மாமரத்துல தண்டு துளைப்பான்னு ஒரு வண்டு உண்டு. அது முட்டை வைக்கத் தேடிப் போறதே இந்த மாதிரி வெட்டு, வெடிப்பு இருக்கற எடத்துக்குத்தான். அதுலேர்ந்து வர்ற புழு உள்ள கொடைஞ்சுதுன்னா கிளையே போயிடும். ஒண்ணும் பண்ணாத ஒரு திட்ட எடுக்கறேன்னு வண்டுக்கு வாசல் தொறந்து வைக்கறது எவ்ளோ பெரிய தப்புன்னு அப்போதான் ஒறைச்சுது.

பிரஷ்ஷ வச்சுட்டேன். மொதல்ல இது என்னன்னு பாப்போம்னு உக்காந்தேன்.

தேமல்னு சொன்னது நம்ம கல்பாசியோட சொந்தக்காரன்

செட்டிநாட்டு குழம்புக்கு வறுக்கறப்ப கல்பாசி போடுவோமே, காந்தி மார்க்கெட் மளிகைக் கடைல கறுப்பும் சாம்பலுமா சுருண்டு கெடக்கும், அது ஒரு லைக்கன். பேருதான் கல்பாசி. மலைல மரப்பட்டை மேலயும் வளரும். எங்க மாமரத்துல இருந்ததும் லைக்கன்தான், வேற வேற ஜாதி. (அதுக்காக வீட்டு மரத்துல சொரண்டி குழம்புல போடாதீங்க. எல்லா லைக்கனும் சாப்பிடற லைக்கன் இல்ல. காத்துல இருக்கற புகை, தூசியெல்லாம் அது ஒடம்புல சேத்து வச்சுக்கும்.)

லைக்கன்ங்கறது ஒத்த உயிர் இல்ல. ஒரு பூஞ்சையும், வெயில்ல சோறு ஆக்கத் தெரிஞ்ச ஒரு பாசியும் சேந்து நடத்தற குடும்பம். 1867ல சுவிட்சர்லாந்து தாவரவியல்காரர் சைமன் ஷ்வெண்டனர் இதச் சொன்னப்போ, அந்தக் காலத்து லைக்கன் நிபுணர்களே நிறைய பேர் ஒத்துக்கல. ரெண்டு உயிர் சேந்து மூணாவதா ஒரு உருவம் எடுக்கும்னா யாருக்குமே நம்பக் கஷ்டம்தான்.

நமக்கு வேண்டிய விஷயம் இதுதான். சோறு அதுக்கு வெயில்லேர்ந்து வருது, தண்ணி மழைலேர்ந்தும் பனிலேர்ந்தும் வருது. மரத்துகிட்டேருந்து அது வாங்கறது நிக்க எடம் மட்டும். அதுக்கு வேர் கெடையாது. அடில இருக்கற பொடி இழைய வச்சு பட்டையோட வெளித்தோலப் பிடிச்சுக்கும். அந்த வெளித்தோல் ஏற்கெனவே செத்த தக்கை. மரத்தோட சாறு ஓடறது அதுக்கும் உள்ள. அங்க இது போறதில்ல. நான் பிரஷ் போட்டுப் போனேன், லைக்கன் போகல.

புல்லுருவிய யோசிச்சுப் பாருங்க. மாமரத்துக் கிளைல வேற இலையோட தனியா ஒரு கொத்து தொங்கும். அது உள்ள கட்டை வரைக்கும் உறிஞ்சி இறக்கி மரத்தோட தண்ணியவே குடிக்கும். அதக் கிளையோட வெட்டி எடுத்தே ஆகணும். ரெண்டும் மரத்து மேல இருக்குங்கறதுக்காக ரெண்டும் ஒண்ணாயிடாது.

மாசுக்கு வேணா லைக்கன் பயப்படும். 1866லயே நைலாண்டர்ங்கற அறிஞர் பாரிஸ்ல லக்ஸம்பர்க் தோட்டத்துல இருக்கற லைக்கன் நகரத்தோட மத்த எடங்கள்ல இல்லன்னு கவனிச்சு எழுதினாரு. கந்தகப் புகை அதிகம்னா நிறைய ஜாதி லைக்கன் செத்துப்போகும். அதனால திட்டே இல்லாத மரம்னா ஆரோக்கியமான மரம்னு அர்த்தம் இல்ல.

சரி, அது லைக்கன்தானான்னு எப்டித் தெரியும்? நான் கத்துக்கிட்ட சுலபமான வழி, தண்ணி.

காஞ்ச திட்டு மேல கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஒரு நிமிஷம் நில்லுங்க. லைக்கனா இருந்தா சாம்பல் நெறம் மாறி பச்சை ஏறும். அதோட மேல்தோல் நனைஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும், உள்ள இருக்கற பாசியோட பச்சை தெரியும். மழை விட்ட அன்னிக்கு எங்க மரம் திடீர்னு "பூத்த" ரகசியம் இதான். திட்டு எப்பவும் அங்கதான் இருந்துருக்கு. மழைல நெறம் ஏறினதும்தான் எங்க கண்ணுல பட்டுச்சு.

பச்சை ஏறலன்னா நகத்தால லேசா நெருடிப் பாருங்க. பஞ்சு மாதிரி பிசுபிசுன்னு நசுங்கினா மாவுப்பூச்சி. சின்ன ஓடு மாதிரி ஒண்ணொண்ணா பேந்து வந்தா செதில் பூச்சி. கிளை மேல ரோஸ் கலர்ல பூசின மாதிரி படர்ந்து, அதுக்கு மேல இருக்கற இலையெல்லாம் வாடினா அது பூஞ்சை நோய். இந்த மூணும் மரத்துக்கு நிஜமாவே கெடுதல். நான் பத்து எடத்துல தண்ணி தெளிச்சேன். பத்துலயும் பச்சை ஏறுச்சு.

அந்த போட்டோ

அப்போ அத்தை ஒரு காரியம் பண்ணினாங்க. பீரோலேர்ந்து ஆல்பம் எடுத்துட்டு வந்தாங்க. 2014ல நாத்தனார் பையனுக்கு இந்த மாமரத்தடிலதான் காதுகுத்து. பையன் வாயத் தொறந்து அழறான், தாய்மாமன் மடில இறுக்கிப் பிடிச்சிருக்காரு. அவங்களுக்குப் பின்னாடி நம்ம மரம். அடிமரத்துல பளிச்சுன்னு நாலு வெள்ளைத் திட்டு!

போட்டோவ எடுத்துட்டு நேரா கொல்லைக்குப் போய் ஒப்பிட்டேன். அதே எடம், அதே நாலு. இப்போ கொஞ்சம் பெருசு.

ஸ்கேல் வச்சு அளந்தேன். பெரிய வட்டம் 7 சென்டிமீட்டர் அகலம். மையத்துலேர்ந்து விளிம்புக்கு 35 மில்லிமீட்டர். இந்த மாதிரி இலை இலையா இருக்கற லைக்கன் பொதுவா வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வெளிப்பக்கமா வளரும். மூணுன்னு வச்சாக்கூட பதினொரு வருஷத்துக்கு மேல ஆவுது. போட்டோவும் அதான் சொல்லுது. அந்தத் திட்டு இருந்த எல்லா வருஷமும் இந்த மரம் கூடை கூடையா காய்ச்சிருக்கு.

திட்டு குத்தவாளி இல்லன்னு எனக்கு அன்னிக்கு முடிவாச்சு.

ஆனா மரம் ஏர்ற அண்ணன் சொன்னதுல பாதி சரி. மேல இலை கொறஞ்சுதான் இருந்துச்சு. போட்டோல மரத்துக்கு நடுவுல வானமே தெரியல. இப்போ அண்ணாந்து பாத்தா அங்கங்க ஓட்டை.

நுனியப் பாக்கணும்

இங்கதான் லைக்கன் உதவிக்கு வருது. அது இருக்கா இல்லயாங்கறது முக்கியமில்ல. எங்க இருக்குன்னு பாக்கணும்.

அடிமரத்துலயும் தடிச்ச கிளைலயும் இருந்தா மரத்துக்கு வயசாச்சு, அவ்ளோதான். இளங்கிளை வேற கதை. நல்லா வளர்ற மரத்துல நுனிக்கிளை சட்டுசட்டுன்னு நீண்டுகிட்டே போகும், பட்டை புதுசா இருக்கும். மெதுவா ஊர்ற லைக்கனுக்கு அங்க குடியேற நேரமே கெடைக்காது. நுனிக்கிட்ட வரைக்கும் லைக்கன் வந்துருச்சுன்னா அந்தக் கிளை வளர்றத நிறுத்தி ரொம்ப நாளாச்சுன்னு அர்த்தம். அதோட இலை உதிந்து மேல ஓட்டை விழுந்தா கிளைக்கு வெயில் வருது. லைக்கனுக்கு வேண்டியதே வெயில்தான். மரம் தளர்ந்ததால லைக்கன் பெருகுது. லைக்கன் பெருகினதால மரம் தளரல. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒரே நேரத்துல தெரியறதால பழிய மாத்திப் போட்டுடறோம்.

மாடிக்குப் போய் கைக்கு எட்டின கிளைகளப் பிடிச்சுப் பாத்தேன். நுனிலேர்ந்து ஒரு சாண் தூரத்துலயே சின்னச் சின்ன பொட்டு. எங்கம்மா வீட்டு மாமரத்துல நுனிலேர்ந்து ரெண்டு முழத்துக்கு பட்டை சுத்தம்.

அடுத்தது துளிர். மாங்கிளை ஒரே சீரா வளராது. துளிர் விட்டு நிக்கும், மறுபடி விடும். நின்ன எடத்துலயெல்லாம் இலைத்தழும்பு நெருக்கமா வளையம் மாதிரி இருக்கும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவுல எவ்ளோ நீளம்னு பாத்தா மரத்தோட பழைய கணக்கே கையில கெடைக்கும். எங்க மரத்துல உள்பக்கத்துத் துளிரெல்லாம் ஒரு சாண் நீளம். கடைசித் துளிர் நாலு விரக்கடை.

மூணாவது, நகத்தால குச்சிய லேசா கீறிப் பாக்கறது. உள்ள பச்சையும் ஈரமுமா இருந்தா உசிரு இருக்கு. பழுப்பும் காய்ச்சலுமா இருந்தா போயிடுச்சு. பத்து குச்சில ஏழு பச்சை, உச்சில மூணு பழுப்பு.

மரம் நிஜமாவே தளர்ந்துருக்கு. திட்டு காரணமில்லன்னா வேற என்ன?

காலப் பாக்கணும்

அடிமரம் மண்ண தொடற எடத்துக்கு வந்து உக்காந்தேன். நல்ல மரத்துக்கு அடில யானைக்கால் மாதிரி விரிஞ்சு வேர் இறங்கும். எங்க மரம் கரண்ட் கம்பம் நட்ட மாதிரி நேரா மண்ணுக்குள்ள போகுது.

அப்போதான் பளிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு.

எங்க தெருல ரோடு போட்டுப் போட்டு மேல ஏறிடுச்சு. மழை பேஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள வரும். அதனால அதுக்கு முந்தின வருஷம் ஆடில கொல்லைய ஒரு அடி ஒசத்தினோம். கட்டட இடிசலும் கிராவலும் கொட்டி, மேல பேவர் பிளாக் போட்டு, மரத்துகிட்ட ஒரு ஜாண் மட்டும் விட்டோம். பதினஞ்சு மாசம் ஆச்சு.

மரத்தோட சோத்து வேரெல்லாம் மேல்மண்ணுலதான் இருக்கும், ஏன்னா அதுக்குக் காத்து வேணும். ஒரு அடி இடிசல அதும்மேல கொட்டி இறுக்கினா மூச்சுமுட்டும். தண்டோட பட்டை வெளிக்காத்துக்குப் பழகினது, ஈரமண்ணுக்குள்ள மாட்டினா அழுக ஆரம்பிக்கும். இதெல்லாம் ஒரு நாள்ல தெரியாது. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழிச்சு உச்சிக்குச்சி காயும். அதுக்குள்ள நாம மண்ணு கொட்டினத மறந்துருப்போம்.

பாசியும் ஒரு விஷயம் சொல்லுச்சு. (பாசின்னா இங்க நெஜப் பாசி, குட்டிக் குட்டி இலையோட மெத்தை மாதிரி இருக்கறது.) அதுவும் மரத்தக் கடிக்காது. சித்திரைல காஞ்சு பழுப்பாக் கெடக்கும், தண்ணி பட்டா சில நிமிஷத்துல பச்சையாயிடும். ஆனா எங்க மரத்துல ஒரு பக்கம் மட்டும் தரைலேர்ந்து மூணு அடிக்கு ஏறியிருந்துச்சு. அந்தப் பக்கம் நின்னு மேல பாத்தா, மாடித் தண்ணிக் குழாயோட வாய் நேரா அடிமரத்தப் பாத்துருக்கு. பாசிய நான் தொடல. குழாய்க்கு ஒரு முழங்கை போட்டுத் திருப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுத் தென்னை

இதே நாள்கள்ல பக்கத்து வீட்டுல ஒண்ணு நடந்துச்சு. அத எழுதாம இருக்க முடியல.

தென்னைலயும் வெள்ளை வட்டம் வரும், பெயின்ட் சிந்தின மாதிரி. அதுவும் லைக்கன்தான். எங்க தென்னை ரெண்டுலயும் உண்டு, நல்லாவே காய்க்குது. பக்கத்து வீட்டுல இருக்கற தென்னைல வட்டமெல்லாம் அதிகமில்ல, தண்டு பாக்க சுத்தமா இருக்கும். அதனால அது நல்ல மரம்னு எல்லாரும் நெனச்சோம்.

ஒரு நாள் குனிஞ்சு பாத்தா, தரைலேர்ந்து ரெண்டு மூணு அடிக்கு செம்பழுப்பா சாறு வடிஞ்சு காஞ்சிருக்கு. அடி மட்டையெல்லாம் மஞ்சளாகி பாவாடை மாதிரி தண்டோட ஒட்டித் தொங்குது. குரும்பை உதிருது.

அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952ல தஞ்சாவூர் ஜில்லாலதான் மொதல்ல தெரிஞ்சுது, அதான் அந்தப் பேரு. அடித்தண்டழுகல்னும் சொல்வாங்க. கானோடெர்மாங்கற பூஞ்சை வேர் வழியா வந்து அடித்தண்ட அழுக வைக்கும். கடைசில மரத்தோட காலடில செம்பழுப்பா, வார்னிஷ் அடிச்ச மாதிரி, வெள்ளை விளிம்போட தட்டுத் தட்டா காளான் வரும். அந்தத் தட்டு வர்றதுக்குள்ள உள்ள பாதி போயிருக்கும். அதனால சாறு வடியறதப் பாத்த அன்னிக்கே கெளம்பணும்.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற வழி இது. மரத்துக்கு வருஷத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு. 1 சதவீத போர்டோ கலவை 40 லிட்டர் அடில ஊத்தறது. நோய் வந்த மரத்தச் சுத்தி 4 அடி தள்ளி, 2 அடி ஆழம் 1 அடி அகலத்துக்கு ஒரு பள்ளம், பக்கத்து மரத்து வேருக்குப் போகாம இருக்க. நம்ம பக்கத்துல சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. சந்தேகம்னா போட்டோவோட அங்க போங்க. எதிர் வீட்டு மாமா சொன்ன மயில்துத்தம், சுண்ணாம்பு சேந்து போர்டோவா, இங்கதான் வேலைக்கு ஆவுது. மாமரத்துத் திட்டு மேல அடிச்சிருந்தா திட்டு உதிந்திருக்கும், மரத்துக்கு ஒரு பைசா பிரயோஜனம் இருந்திருக்காது.

தோல் சுத்தமா இருந்த மரம் கால்ல அழுகிச்சு. தோலெல்லாம் திட்டா இருந்த மரம் பதினோரு வருஷம் காய்ச்சுது. எனக்கு இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

என்ன பண்ணினோம்

மழை முடியட்டும்னு தை வரைக்கும் காத்திருந்தோம். மரத்தச் சுத்தி நாலு அடிக்கு பேவர் பிளாக்கப் பேத்தோம். மம்பட்டி வேண்டாம், வேர் அறுந்துடும். களைக்கொத்தும் கையும்தான். இடிசல கூடை கூடையா அள்ளிப் போட்டு ஒரு அடி இறங்கினதும், யானைக்கால் தெரிஞ்சுது! அத்தை கை தட்டினாங்க.

புதைஞ்சிருந்த பட்டை கறுத்து ஈரமா இருந்துச்சு. ஸ்க்ரூடிரைவர் முனையால அங்கங்க அழுத்தினேன், உள்ள இறங்கல. கட்டை கெட்டியாத்தான் இருக்கு. அதனாலதான் வெட்ட வேண்டாம்னு தைரியம் வந்துச்சு. பொதபொதன்னு முனை உள்ள போயிருந்தாலோ, அடில தட்டுக்காளான் இருந்தாலோ, வீட்டு மேல சாயுமான்னு விவரம் தெரிஞ்சவங்களக் கூட்டிட்டு வந்து காட்டியிருப்பேன்.

ஓரத்துக்கு செங்கல் அடுக்கினோம். பள்ளத்துல மழைத்தண்ணி தேங்காம ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டிவிட்டோம். காஞ்ச மூணு உச்சிக்குச்சிய பச்சை தெரியற எடம் வரைக்கும் வெட்டினோம். உரம் எதுவும் போடல. மூச்சு முட்டிக் கெடந்த வேருக்கு மொதல்ல காத்து போகட்டும்னு விட்டுட்டோம்.

சித்திரைல காய் ரொம்ப இல்ல. இருபது இருக்கும். அத்தைக்கு வருத்தம்.

இப்போ ஆவணி. ஆடி மழைக்கு அப்பறம் செம்புக் கலர்ல துளிர் விட்டுருக்கு. நேத்து மாடில நின்னு அளந்தேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கொறச்சல். உச்சில ரெண்டு கிளை இன்னும் சும்மாதான் நிக்குது. அதுக்கு இன்னொரு மழைக்காலம் பாக்கணும்.

புதுத் துளிர்த் தண்டுல ஒரு பொட்டு கெடையாது. அடிமரத்துல காதுகுத்து போட்டோல இருந்த நாலு திட்டும் அப்டியே இருக்கு. நான் பிரஷ் போட்ட எடத்துலதான் பிசின் கறுத்து தழும்பாயிருக்கு.

மரம் ஏர்ற அண்ணன் போன வாரம் வந்தாரு. கீழேருந்தே அண்ணாந்து பாத்தாரு. "தேமல் போகலயேக்கா, மரம் மட்டும் எப்டித் தேறுச்சு?"ன்னு கேட்டாரு.

காலடில உக்கார வச்சு யானைக்காலக் காட்டினேன்.